முறை சரி, விடை தவறு: 1.75-க்கும் 1.69-க்கும் நடுவில் என்ன நடந்தது?

வெள்ளைத்தாள் | மார்ச் 3, இரவு 9.12

ஒளிமின் விளைவில் ஒரு கணக்கு. சோடியத்தின் வெளியேற்று ஆற்றல் 2.28 எலக்ட்ரான் வோல்ட். அதன் மீது 525 நானோமீட்டர் அலைநீள ஒளி விழுகிறது. வெளிவரும் எலக்ட்ரானின் பெரும வேகம் என்ன? விடையை மூன்று முக்கிய எண்ணுருக்களில் தர வேண்டும். திருத்துவது கணினி. 1 சதவீதம் முன்னே பின்னே இருந்தால் ஏற்றுக்கொள்ளும் என்று மேலே போட்டிருக்கிறது.

நான் செய்தது: ஃபோட்டானின் ஆற்றல் 3.79 × 10⁻¹⁹ ஜூல். வெளியேற்று ஆற்றலை ஜூலுக்கு மாற்றினால் 3.65 × 10⁻¹⁹. கழித்தால் 0.14 × 10⁻¹⁹. அதை ½mv²-க்குச் சமமாக வைத்தால் வேகம் 1.75 × 10⁵ மீ/வி.

சிவப்புப் பெருக்கல் குறி. "சரியான விடை 1.69 × 10⁵."

சூத்திரம் சரி, அலகு சரி, ஒவ்வொரு வரியும் மூன்று இலக்கத்தில்தான் இருக்கிறது. எங்கே தவறு? மூன்று வாய்ப்பும் முடிந்துவிட்டது, மதிப்பெண் போனது போனதுதான். காரணமாவது தெரிய வேண்டும்.

கடைசிவரி | மார்ச் 3, இரவு 9.30

இடையில் ரவுண்ட் செய்துவிட்டீர்கள். 3.79, 3.65 என்று வெட்டிய இடத்திலேயே கதை முடிந்தது. கால்குலேட்டரில் வந்த எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு கடைசி வரியில் மட்டும் ரவுண்ட் செய்யுங்கள். 1.69 வந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறேன்.

வெள்ளைத்தாள் | மார்ச் 3, இரவு 9.51

செய்துவிட்டேன். ஃபோட்டான் 3.78857, வெளியேற்று ஆற்றல் 3.648, வித்தியாசம் 0.14057, எல்லாம் 10⁻¹⁹-இல். கால்குலேட்டர் நினைவிலிருந்தே எடுத்தேன், நடுவில் ஒரு இலக்கத்தையும் தொடவில்லை. வேகம் 1.757, அதாவது 1.76 × 10⁵.

ரவுண்ட் செய்தபோது 1.75, செய்யாதபோது 1.76. சரியான விடையிலிருந்து இன்னும் தள்ளித்தான் போயிருக்கிறேன். கண்ணைக் கொஞ்சம் திறந்து பாருங்கள்.

கடைசிவரி | மார்ச் 3, இரவு 9.58

அப்படியானால் எங்கோ அடைப்புக்குறி விட்டிருப்பீர்கள்.

வெள்ளைத்தாள் | மார்ச் 3, இரவு 10.03

விடவில்லை. இரண்டு கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன்.

சுண்ணாம்புநீர் | மார்ச் 3, இரவு 10.20

எனக்கும் இதேதான் நடந்தது, வேதியியலில். 0.0032 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் pH கேட்டார்கள். கால்குலேட்டர் 2.4949 என்றது. கொடுத்த எண்ணில் இரண்டு முக்கிய எண்ணுரு, அதனால் நானும் இரண்டு வைத்து 2.5 என்று எழுதினேன். தவறாம், 2.49-தான் விடையாம். இரண்டு எண்ணுரு என்றால் இரண்டுதானே? கணினிக்கு எண்ணத் தெரியவில்லையா?

பழையஆய்வகம் | மார்ச் 4, காலை 6.40

சுண்ணாம்புநீர், உங்களுடையது வேறு நோய். pH என்பது மடக்கை. 2.49-இல் உள்ள 2, பத்தின் எந்த அடுக்கு என்பதை மட்டும்தான் சொல்கிறது. 0.0032-இல் உள்ள சுழியங்கள் செய்யும் வேலைதான் அது, அதனால் எண்ணிக்கையில் வராது. 32 என்ற இரண்டு இலக்கத்தின் சேதி புள்ளிக்குப் பின்னால் இருக்கிறது, எனவே அங்கே இரண்டு இடம் வேண்டும். வெறுமனே 2.5 என்றால் 2.45-லிருந்து 2.55 வரை எதுவாகவும் இருக்கலாம். திருப்பிப் போட்டுப் பாருங்கள், செறிவு 0.0028-லிருந்து 0.0035 வரை ஆகிறது. கொடுத்த துல்லியத்தில் பாதிக்கு மேல் கைவிட்டுப் போய்விட்டது.

வெள்ளைத்தாள், ஒரு கேள்வி. எந்த மாறிலிகளைப் போட்டீர்கள்? எத்தனை இலக்கம்?

வெள்ளைத்தாள் | மார்ச் 4, காலை 7.15

h = 6.63 × 10⁻³⁴, c = 3.00 × 10⁸, e = 1.60 × 10⁻¹⁹, எலக்ட்ரான் நிறை 9.11 × 10⁻³¹. வகுப்பில் எப்போதும் இவைதான். வினாவில் மாறிலி எதுவும் தரவில்லை.

கடைசிவரி | மார்ச் 4, காலை 7.22

அதில் தப்பில்லை. தரவு மூன்று இலக்கம், விடை மூன்று இலக்கம், மாறிலியும் மூன்று இலக்கம் இருந்தால் போதும். விதியே அதுதான்.

பழையஆய்வகம் | மார்ச் 4, காலை 8.05

பெருக்கலும் வகுத்தலும் மட்டும் இருந்தால் போதும்தான். இங்கே நடுவில் ஒரு கழித்தல் உட்கார்ந்திருக்கிறது. அதுதான் ஆளை விழுங்கியது.

எலக்ட்ரான் வோல்ட்டிலேயே பாருங்கள். உண்மையான ஃபோட்டான் ஆற்றல் 2.3616. அதிலிருந்து 2.28 போனால் மிச்சம் 0.0816. இரண்டு பெரிய எண்கள் மோதி ஒரு துளி மிஞ்சுகிறது. மேலே உள்ள 2.3616, மிச்சத்தைப் போல 29 மடங்கு பெரியது. ஆகவே 2.3616-இல் ஒரு சிறு பிழை வந்தால் அது மிச்சத்தில் 29 மடங்கு பெரிய சதவீதமாகத் தெரியும்.

இப்போது உங்கள் மாறிலிகள். 6.63 உண்மையைவிட 0.06 சதவீதம் கூடுதல். 3.00 ஏறக்குறைய 0.07 சதவீதம் கூடுதல். 1.60 ஏறக்குறைய 0.14 சதவீதம் குறைவு, ஆனால் அது வகுக்கும் இடத்தில் இருப்பதால் விளைவு கூடுதல். மூன்றும் ஒரே பக்கம் சாய்கின்றன. ஒன்று ஏறி ஒன்று இறங்கியிருந்தால் தப்பித்திருப்பீர்கள். மொத்தம் 0.26 சதவீதம். தனியாகப் பார்த்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். 29-ஆல் பெருக்குங்கள், இயக்க ஆற்றலில் ஏறக்குறைய 7.7 சதவீதம். வேகத்துக்கு வர்க்கமூலம் எடுப்பதால் பாதியாகும். 1.69-க்குப் பதில் 1.76 வந்தது அப்படித்தான்.

அதனால் கடைசிவரி சொன்னது பாதி சரி. முன்கூட்டியே ரவுண்ட் செய்ததுதான் நோய். ஆனால் ரவுண்ட் செய்தது நடுவரியில் அல்ல, முதல் வரிக்கும் முன்னால். 6.63 என்று எழுதும்போதே ஆகிவிட்டது. அதற்குப் பிறகு கால்குலேட்டரில் பத்து இலக்கத்தைக் கட்டிக் காத்து என்ன பயன்?

கடைசிவரி | மார்ச் 4, காலை 8.31

மாறிலியும் ஓர் அளவீடுதானே சார். எத்தனை இலக்கம் எடுத்தாலும் அதிலும் ஒரு பிழை இருக்கும்.

பழையஆய்வகம் | மார்ச் 4, காலை 8.44

இந்த மூன்றுக்கும் இப்போது அப்படியில்லை. ஒளியின் வேகம் 1983-லிருந்தே வரையறுத்த எண், 299792458 மீ/வி. h-உம் e-உம் 2019 மே 20 முதல் வரையறுத்த எண்கள்: 6.62607015 × 10⁻³⁴, 1.602176634 × 10⁻¹⁹. பிழை சுழியம். அளவீடாக மிஞ்சுவது எலக்ட்ரான் நிறை மட்டும்தான், அதுவும் நமக்குத் தேவையானதைவிடப் பல இலக்கம் துல்லியமாகத் தெரியும். 1.60 என்பதில் உள்ள பிழை இயற்கை கொடுத்ததல்ல, நாம் வெட்டியது.

வெள்ளைத்தாள் | மார்ச் 4, மாலை 5.20

முழு இலக்கத்தோடு போட்டேன். 1.694. வந்துவிட்டது.

ஆனால் இன்னொன்று இடிக்கிறது. என் வகுப்புத் தோழி அதே 6.63, 3.00, 1.60 போட்டாள். அவளுக்குப் பச்சை. அவள் கணக்கில் அலைநீளம் 400. ஒவ்வொருவருக்கும் வேறு வேறு அலைநீளம் வந்திருக்கிறது என்பதே இன்றுதான் தெரிந்தது.

பழையஆய்வகம் | மார்ச் 4, மாலை 6.02

400-க்கு ஃபோட்டான் ஏறக்குறைய 3.10 எலக்ட்ரான் வோல்ட். மிச்சம் 0.82. பெருக்கம் 29 அல்ல, நாலுகூட இல்லை. அதே 0.26 சதவீதம் வேகத்தில் அரை சதவீதத்துக்கும் கீழே அடங்கிவிடும். 1 சதவீத வரம்பு அவரைக் காப்பாற்றியது. அவரும் நீங்களும் செய்த பிழை ஒன்றே.

எல்லையைக்கூடக் கணக்கிடலாம். உங்கள் மாறிலிகளோடு 475 நானோமீட்டர் மயிரிழையில் தப்பும். 480 தப்பாது. 2.28-க்குப் பயன்தொடக்க அலைநீளம் 544-ஐ ஒட்டி இருக்கிறது. அதை நெருங்க நெருங்க மிச்சம் சுருங்கும், பெருக்கம் ஏறும்.

மூன்றுபுள்ளி | மார்ச் 4, இரவு 8.47

நான் இதையெல்லாம் பார்க்கவே மாட்டேன். 1240-ஐ நானோமீட்டரால் வகுப்பேன், எலக்ட்ரான் வோல்ட் வந்துவிடும். 1240/525 = 2.3619. 2.28 கழித்தேன், 0.0819. ஜூலுக்கு மாற்ற உங்கள் அதே 1.60-ஐத்தான் போட்டேன். வேகம் 1.70. ஒரு சதவீதத்துக்குள் இருக்கிறது. சோம்பேறிக்கு மதிப்பெண், உழைப்பாளிக்குச் சிவப்புக் குறி.

வெள்ளைத்தாள் | மார்ச் 4, இரவு 9.05

இது எப்படி? 1240-உம் ரவுண்ட் செய்த எண்தானே?

பழையஆய்வகம் | மார்ச் 4, இரவு 9.40

ரவுண்ட் செய்ததுதான், ஆனால் அதிர்ஷ்டமான ரவுண்ட். உண்மை மதிப்பு 1239.84. பிழை 0.013 சதவீதம். உங்கள் மூன்று மாறிலிகளையும் சேர்த்தால் வந்தது அதைப் போல 20 மடங்கு. ஜூலுக்கு மாற்றும்போது மூன்றுபுள்ளி போட்ட 1.60 கெடுதல் செய்யாததற்கும் காரணம் உண்டு. அது கழித்தலுக்குப் பிறகு வருகிறது. அங்கே 0.14 சதவீதம் 0.14 சதவீதமாகவே இருக்கும், வேகத்தில் பாதியாகிவிடும். கழித்தலுக்கு முன்னால் உள்ளே நுழையும் எண்களுக்குத்தான் பெருக்கம்.

கையில் எத்தனை இலக்கம் வைத்துக்கொள்வது என்பதையும் இப்படியே பார்த்துக்கொள்ளலாம். வேகத்தில் 1 சதவீதம் வேண்டுமென்றால் மிச்சத்தில் 2 சதவீதம் போதும். 2-ஐ 29-ஆல் வகுத்தால் 0.07. ஃபோட்டான் ஆற்றல் அந்த அளவுக்குச் சரியாக இருந்தாக வேண்டும். மூன்று இலக்க மாறிலிகள் மூன்று சேர்ந்து அதைத் தாங்காது, ஐந்து இலக்கம் போட்டால் கவலையில்லை.

கடைசிவரி | மார்ச் 5, காலை 10.10

நேற்று எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் இப்போது விதிப்படியே வாதாடுகிறேன், யாராவது பதில் சொல்லுங்கள். கழித்தலில் தசம இடம்தான் கணக்கு. 2.36 - 2.28 = 0.08. ஒரே ஒரு முக்கிய எண்ணுரு. அப்படியானால் வேகமும் ஒரே இலக்கம், 2 × 10⁵. மூன்று எண்ணுருக்களில் தரவும் என்று வினாவே கேட்டது எந்த விதிப்படி?

சுண்ணாம்புநீர் | மார்ச் 5, காலை 10.25

2 × 10⁵ என்று போட்டிருந்தால் 18 சதவீதம் தள்ளி இருக்கும். அதற்கும் சிவப்புத்தான். விதியை மீறினாலும் தப்பு, விதியோடு போனாலும் தப்பு.

பழையஆய்வகம் | மார்ச் 5, மதியம் 1.15

கடைசிவரி இந்த முறை சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். நான் நேற்று 1.694-ஐ உண்மை விடை போலப் பேசினேன், அதையும் திருத்த வேண்டும்.

2.28 என்று எழுதினால் 2.275-லிருந்து 2.285 வரை எதுவும் இருக்கலாம். 525 என்றால் 524.5-லிருந்து 525.5 வரை. இரண்டையும் ஓரங்களில் வைத்து, மாறிலிகளை முழு இலக்கத்தோடு போட்டுக் கணக்கிட்டேன். வேகம் 1.62 × 10⁵-லிருந்து 1.77 × 10⁵ வரை போகிறது. கொடுத்த தரவு அவ்வளவுதான் பேசுகிறது. 1.69 அதன் நடுவில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் வெள்ளைத்தாளின் 1.75-உம் அதற்குள்தான் இருக்கிறது, 1.76-உம் அதற்குள்தான்.

சேர்த்துப் பாருங்கள். தரவே ஏறக்குறைய 4.5 சதவீதம் இரண்டு பக்கமும் ஆடுகிறது. கணினி 1 சதவீதத்தில் கழுத்தைப் பிடிக்கிறது. சோடியத்துக்கு 2.36 என்று போட்டிருக்கும் அட்டவணைகளும் உண்டு. அதைப் போட்டால் மிச்சம் 0.0016-தான், வேகம் ஏழில் ஒரு பங்காகிவிடும். இப்படிப்பட்ட இடத்தில் மூன்றாவது இலக்கத்துக்குச் சண்டை போடுவது எனக்குக் கொஞ்சம் சிரிப்பாக இருக்கிறது.

அதற்காக 6.63 போட்டது சரியாகிவிடாது. தரவின் தளர்ச்சி வேறு, நாமாகச் சேர்க்கும் பிழை வேறு. முன்னது தவிர்க்க முடியாதது. பின்னதைத் தவிர்க்க ஆறு விசையை அழுத்தினால் போதும்.

வினாக்காரர் | மார்ச் 5, இரவு 7.50

இப்படிப்பட்ட கணக்குகளை எழுதுகிறவன் நான் (உங்களுடையதை அல்ல, வேறோர் இடத்தில்). உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

ஒரு மாதிரிக் கணக்கு எழுதுவோம். அலைநீளம் 400-லிருந்து 540-க்குள் எதுவானாலும் எடு, 5 நானோமீட்டர் இடைவெளி விடு என்று சொல்லிவிடுவோம். விடை சூத்திரமாக உள்ளே இருக்கும். மாறிலிகள் முழு இலக்கம், ஏனென்றால் மென்பொருளில் அவை ஏற்கெனவே இருக்கின்றன. விலக்கு 1 சதவீதம் என்பது பெரும்பாலும் யாரும் யோசித்து வைத்ததல்ல, புதிய கணக்கு திறக்கும்போதே அந்தக் கட்டத்தில் நிற்கும் எண். நான் 400-ஐயும் 420-ஐயும் போட்டுச் சரிபார்ப்பேன். ஓரத்தில் 540-ஐப் போட்டுப் பார்த்ததே இல்லை. இந்த இழையைப் படித்த பிறகு என் பழைய கணக்கைத் திறந்து பார்த்தேன். 540-இல் மிச்சம் 0.016, பெருக்கம் 143. வெட்கமாக இருந்தது. மேல் எல்லையை 450 ஆக்கிவிட்டேன்.

ஆனால் விலக்கை 5 சதவீதம் ஆக்குங்கள் என்றால் மாட்டேன். அப்போது 400 நானோமீட்டர்க்காரர் நிறையைத் தப்பாகப் போட்டாலும் தப்பித்துவிடுவார். மாறிலிகளை வினாவிலேயே கொடுத்துவிடுவதுதான் சரி.

பழையஆய்வகம் | மார்ச் 5, இரவு 8.20

நான் ஒப்புக்கொள்ளவில்லை. மாறிலியைக் கொடுத்தால் எல்லோரும் ஒரே எண்ணுக்கு வருவார்கள், அவ்வளவே. அந்த எண்ணின் மூன்றாவது இலக்கம் பொருளற்றது என்பது மறைந்துவிடும். "இந்தத் தரவை வைத்து வேகம் எந்த எல்லைக்குள் இருக்கும்" என்று கேளுங்கள்.

வினாக்காரர் | மார்ச் 5, இரவு 8.33

கேட்கலாம். இரண்டு கட்டம் வைக்க வேண்டும், அந்த இரண்டுக்கும் எத்தனை சதவீத விலக்கு என்று மறுபடியும் என்னிடம்தான் கேட்பார்கள்.

மூன்றுபுள்ளி | மார்ச் 5, இரவு 8.41

இதற்கிடையில் 1.70 என்று போட்டால் கணினி சுழியத்தை எடுத்துவிட்டு 1.7 என்று சேமிக்கிறதே, அப்புறம் "முக்கிய எண்ணுருக்கள் போதவில்லை" என்கிறதே, அதற்கும் வழி சொல்லுங்கள்.

வினாக்காரர் | மார்ச் 5, இரவு 8.50

அது தெரியும். 1.70e5 என்று தட்டிப் பாருங்கள், என்னுடையதில் அப்படியே நிற்கிறது. உங்களுடையதில் நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

வெள்ளைத்தாள் | மார்ச் 8, மாலை 4.30

ஆசிரியரிடம் போனேன். "இடையில் ரவுண்ட் செய்திருப்பாய்" என்றுதான் தொடங்கினார். 1.757-ஐக் காட்டினேன். அவரே உட்கார்ந்து போட்டுப் பார்த்தார். அவர் வழக்கமாகப் போடுவதும் 6.63-தான், அவருக்கும் 1.76 வந்தது. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு யார் யாருக்கு எந்த அலைநீளம் என்று பட்டியல் எடுத்து வரச் சொன்னார்.

எடுத்தேன். 475-க்குக் கீழே எல்லோருக்கும் பச்சை. 480-லிருந்து மேலே 6.63 போட்ட அத்தனை பேருக்கும் சிவப்பு. பழையஆய்வகம் சொன்ன கோடு அப்படியே விழுந்திருக்கிறது.

ஒரே ஒருவன்தான் இடிக்கிறான். 530, பச்சை. எப்படி என்று கேட்டேன். 1240-ஐ 530-ஆல் வகுத்து, வந்த 2.3396-ஐ உடனே 2.34 என்று வெட்டி, 0.06 என்று கழித்திருக்கிறான்.

பழையஆய்வகம் | மார்ச் 8, மாலை 5.10

உண்மையான மிச்சம் 0.0593. வெட்டியது தற்செயலாக அருகில் விழுந்திருக்கிறது. வேகத்தில் அரை சதவீதம்தான் பிழை. அதே வேலையை அவர் 535-இல் செய்திருந்தால் 3 சதவீதம் தள்ளியிருப்பார்.

கடைசிவரி | மார்ச் 8, மாலை 5.14

நான் முதல் நாளே சொன்ன குற்றத்தைச் செய்தவன் அவன் ஒருவன்தான். அவனுக்கு முழு மதிப்பெண்.

வெள்ளைத்தாள் | மார்ச் 8, மாலை 5.40

ஆமாம். 480-க்கு மேலே சிவப்பு வாங்கிய எல்லோருக்கும் மதிப்பெண்ணைத் திருப்பித் தருவதாக ஆசிரியர் சொல்லியிருக்கிறார். பெருக்கலில் உண்மையாகவே தப்பு செய்த இரண்டு பேரும் அதில் இருக்கிறார்கள், அவர்களை என்ன செய்வதென்று இன்னும் முடிவாகவில்லை. 530-காரன் மட்டும் காலையிலிருந்து பின்னாலேயே வருகிறான், பட்டியலில் தன் வழிமுறையை எழுத வேண்டாம், அலைநீளத்தை மட்டும் எழுது என்று.